2,075 டாலர் கூரை: தங்கத்தின் கேண்டில் சார்ட்டில் சப்போர்ட், ரெசிஸ்டன்ஸ் பார்ப்பது எப்படி?

கேள்வி: ஆறு வாரமாகத் தங்கத்தின் கேண்டில்ஸ்டிக் சார்ட்டைப் பார்த்துப் பழகுகிறேன். 15 நிமிட சார்ட்டில் பதினோரு சப்போர்ட், ரெசிஸ்டன்ஸ் கோடுகள் போட்டிருக்கிறேன். விலை கோட்டைத் தாண்டியதும் வாங்கினால் உடனே திரும்பி விழுகிறது. தாங்கும் என்று நம்பினால் உடைத்துக்கொண்டு போகிறது. கோட்டை விக்கைத் தொட்டுப் போட வேண்டுமா, உடலைத் தொட்டா? நாலு தடவை தொட்ட கோடு பலமானது என்கிறார்களே, உண்மையா?

பதில்: பதினோரு கோடுகளையும் அழித்துவிடுங்கள். சார்ட்டை 15 நிமிடத்திலிருந்து ஒரு நாள் கேண்டிலுக்கு மாற்றுங்கள். பிறகு திரையைச் சுருக்கி, குறைந்தது மூன்று ஆண்டுகள் ஒரே பார்வையில் தெரியும்படி வையுங்கள். தங்கம் எந்த இடங்களில் மோதித் திரும்பியது என்பது அந்தத் தூரத்தில்தான் தெரியும். 15 நிமிட சார்ட்டில் நீங்கள் கோடு போட்ட மேடுபள்ளங்களில் பெரும்பாலானவை அன்றாட அலைச்சல். அவற்றுக்குப் பின்னால் காத்திருக்கும் வாங்குபவரோ விற்பவரோ அநேகமாக இருக்க மாட்டார். யாரும் காவல் இல்லாத கோட்டை விலை தாண்டுவதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

எல்லாவற்றையும் ஒரே உதாரணத்தில் பார்த்துவிடலாம். 2020 முதல் 2024 வரை தங்கத்தின் தலைக்கு மேல் கூரை மாதிரி நின்ற 2,070-2,080 டாலர் பகுதிதான் அது. ஏறும் விலையைத் தடுக்கும் கூரைதான் ரெசிஸ்டன்ஸ், இறங்கும் விலையைத் தாங்கும் தரைதான் சப்போர்ட். சார்ட்டில் XAUUSD என்று போட்டால் வருவது ஒரு டிராய் அவுன்ஸ், அதாவது சுமார் 31.1 கிராம் தங்கத்தின் டாலர் விலை. நான் சொல்லும் எண்களை உங்கள் சார்ட்டில் தேடிப் பாருங்கள். சில டாலர் முன்பின் இருக்கும், அதற்குக் காரணம் பின்னால் வருகிறது.

முதலில் ஒரே ஒரு கேண்டில். 2023 டிசம்பர் 4, திங்கட்கிழமைக்கான நாள் கேண்டிலைத் திரையில் பெரிதாக்குங்கள். தொடக்க விலை சுமார் 2,070. உச்சம் சுமார் 2,135. அடி சுமார் 2,020. முடிவு விலை சுமார் 2,029. கேண்டில் என்பது இந்த நாலு எண்கள்தான். தொடக்கத்துக்கும் முடிவுக்கும் இடையிலுள்ள தடித்த பகுதி உடல். இங்கே அது சுமார் 40 டாலர். தொடங்கிய இடத்துக்குக் கீழே முடிந்ததால் சிவப்பு. உடலுக்கு மேலே 65 டாலர் நீளத்தில் மெல்லிய கோடாக ஒரு விக் நிற்கிறது, கீழே 10 டாலர் அளவில் ஒரு குட்டி விக்.

மேல் விக்கை எப்படிப் படிப்பது? அன்றைக்கு ஒரு கட்டத்தில் 2,135 வரை கொடுத்து வாங்க ஆள் இருந்தார்கள். ஆனால் நாள் முடியும்போது அந்த விலையில் யாரும் நிற்கவில்லை. விக் என்பது விலை போய்ப் பார்த்துவிட்டு வந்த இடம். உடலின் முனை, நாள் முடிவில் இரு தரப்பும் ஒத்துக்கொண்ட இடம். கூரை, தரை இரண்டையும் பற்றிய உங்கள் குழப்பத்தில் பாதி இந்த வித்தியாசத்தில் தீர்ந்துவிடும்.

கேண்டில் சொல்லாத ஒன்றும் உண்டு. உச்சம் முதலில் வந்ததா, அடி முதலில் வந்ததா என்று நாள் கேண்டிலை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. அது தெரிய வேண்டுமானால் அந்த ஒரு நாளை மட்டும் ஒரு மணி நேர சார்ட்டில் திறந்து பாருங்கள். டிசம்பர் 4 அன்று ஏற்றம்தான் முதலில் வந்தது. வாரத்தின் சந்தை திறந்த கொஞ்ச நேரத்திலேயே, லண்டனும் நியூயார்க்கும் தூங்கிக்கொண்டிருந்த வேளையில், விலை பாய்ந்து ஏறியது. அந்தந்த நகரங்களில் ஆட்கள் மேசைக்கு வர வர, நாள் முழுக்க விலை கரைந்தது. ஆள் குறைவான நேரத்தில் சிறிய ஆர்டர்கூட விலையை வெகுதூரம் இழுத்துவிடும். அப்போது உருவாகும் உச்சத்தை நம்பிக் கோடு கிழிப்பது ஆபத்து.

உச்ச எண் எல்லாத் தளத்திலும் ஒன்றாக இருக்காது என்றேன் அல்லவா? இந்த நாள்தான் அதற்கு நல்ல சாட்சி. சில தளங்களில் 2,135 என்றும், வேறு சிலவற்றில் 2,140-க்கு மேலும் காட்டும். ஸ்பாட் தங்கத்துக்கு ஒரே சந்தைக் கூடம் கிடையாது. ஒவ்வொரு தளமும் தனக்கு விலை தரும் வங்கிகள், புரோக்கர்களின் எண்களைத்தான் வரைகிறது. இன்னொரு சிக்கல் நாள் எப்போது முடிகிறது என்பது. பெரும்பாலான தளங்கள் நியூயார்க் நேரம் மாலை 5 மணியை நாளின் முடிவாக வைத்திருக்கும். சில தளங்கள் உலக நேரப்படி நள்ளிரவில் நாளை வெட்டும். அப்படிப்பட்ட சார்ட்டில் ஞாயிற்றுக்கிழமைக்கென்று ஒன்றிரண்டு மணி நேரக் குட்டிக் கேண்டில் ஒன்று தனியாக நிற்கும். உங்கள் சார்ட்டில் அது இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் நேர அமைப்பை நியூயார்க் முடிவுக்கு மாற்றுங்கள், அல்லது அப்படி வெட்டும் வேறு தளத்தின் சார்ட்டைப் பாருங்கள். முடிவு விலையை வைத்துத்தான் இனி எல்லாவற்றையும் தீர்மானிக்கப் போகிறோம்; அது எந்த மணிக்கு எடுக்கப்பட்டது என்று தெரியாமல் தீர்மானிக்க முடியாது.

இனி கூரைக்கு வருவோம். வார கேண்டிலுக்கு மாறி 2020-லிருந்து பாருங்கள். 2020 ஆகஸ்டில் தங்கம் சுமார் 2,075 வரை ஏறித் திரும்பியது. 2022 மார்ச் 8 அன்று 2,070-ஐத் தொட்டுத் திரும்பியது. 2023 மே 4 அன்று மறுபடி அதே பகுதி; சில சார்ட்டுகளில் 2,080-ஐயும் தாண்டியிருக்கும். மூன்று முறை, மூன்று வெவ்வேறு காலம், மூன்று வெவ்வேறு காரணம்: கொரோனா, உக்ரைன் போர், அமெரிக்க வங்கிகளின் சிக்கல். ஆனாலும் திரும்பிய இடம் ஏறக்குறைய ஒன்றே.

இதை ஒரு கோடாக வரைய முயன்றால் மாட்டிக்கொள்வீர்கள். 2,070-இல் வரைந்தால் 2020-இலும் 2023-இலும் ‘உடைந்தது’ என்று தெரியும். 2,080-இல் வரைந்தால் 2022-இல் ‘தொடவே இல்லை’ என்று தெரியும். அதனால் கோட்டை விட்டுவிட்டு ஒரு பட்டையை வரையுங்கள். எல்லாத் தளத்திலும் செவ்வகம் வரையும் கருவி இருக்கும். பட்டையின் ஒரு ஓரம், அந்தப் பகுதியில் உடல்கள் அதிகமாக முடிந்த இடம். மறு ஓரம், விக்குகள் அதிகமாக எட்டிய இடம். தனியாக ஒரே ஒரு விக் மட்டும் வெகுதூரம் நீட்டிக்கொண்டிருந்தால் அதைப் பட்டைக்கு வெளியே விட்டுவிடலாம். ஆக, விக்கா உடலா என்ற உங்கள் கேள்விக்கு என் பதில்: இரண்டும்தான், பட்டையின் இரண்டு ஓரங்களாக.

பட்டை எவ்வளவு அகலம் இருக்கலாம் என்பதற்கு ஒரு கைக்கணக்கு உண்டு. சார்ட்டில் ATR என்ற இண்டிகேட்டரைச் சேர்த்து, 14 என்று வைத்து, நாள் கேண்டிலில் பாருங்கள். கடந்த 14 நாட்களில் தங்கம் ஒரு நாளைக்குச் சராசரியாக எத்தனை டாலர் ஏறி இறங்கியது என்பதை அது காட்டும். 2023-இன் பெரும்பகுதியில் அது 20 டாலரைச் சுற்றி இருந்தது. பட்டையின் அகலம் அதில் பாதியளவு இருந்தால் போதும், 10 டாலர். 2,070-2,080 அப்படித்தான் வருகிறது. ATR முழுவதையும் தாண்டிய அகலத்தில் பட்டை போட்டால், ஒரு நாள் பூராவும் விலை அதற்குள்ளேயே கிடக்கும், உங்களுக்கு எந்தத் தகவலும் கிடைக்காது. 2 டாலரில் போட்டால் நீங்கள் இப்போது படும் அவதிதான். விலை ஏற ஏற ATR-உம் பெருகும் என்பதால், பழைய ஆண்டின் 10 டாலரை இன்றைய சார்ட்டுக்குத் தூக்கிக்கொண்டு வராதீர்கள். அந்தந்தக் காலத்தின் ATR-ஐப் பார்த்தே அகலத்தைத் தீர்மானியுங்கள்.

எந்த இடத்துக்குப் பட்டை போடலாம், எதற்கு வேண்டாம்? விலை அங்கே திரும்பிய பிறகு எவ்வளவு தூரம் போனது என்று கேளுங்கள். 2020 ஆகஸ்டில் திரும்பிய தங்கம் 2021 மார்ச்சில் 1,680-க்கு அருகே போய் நின்றது. அப்படித் திருப்பி அனுப்பிய இடம் பட்டைக்குத் தகுதியானது. திரும்பி ஒரு ATR அளவுகூட நகராமல் மறுபடி ஏறிவிட்டால் அது வெறும் இளைப்பாறல். இந்த ஒரு சல்லடையில் போட்டாலே உங்கள் பதினொன்றில் பெரும்பாலானவை விழுந்துவிடும். நாள் சார்ட்டில் இப்போதைய விலைக்கு மேலே இரண்டு, கீழே இரண்டு என நாலு பட்டைகள் இருந்தால் புதியவருக்கு அதுவே அதிகம்.

அந்த இடத்தில் ஏன் திரும்புகிறது என்பதைப் புரிந்துகொண்டால்தான் அது எப்போது உடையும் என்பதும் புரியும். 2020-இல் 2,070-க்கு வாங்கி மாட்டிக்கொண்டவர், போட்ட பணம் வந்தால் போதும் என்று அதே விலையில் விற்கக் காத்திருக்கிறார். 1,700-க்கு வாங்கியவர், போன தடவை இங்கேதான் விழுந்தது, இந்தத் தடவை லாபத்தை எடுத்துவிடலாம் என்று விற்கிறார். மூன்றாவது ஆள், இங்கே விழும் என்று பந்தயம் கட்டி முதலிலேயே விற்றுவைக்கிறார். அவர் தன் பாதுகாப்புக்குப் பட்டைக்குச் சற்று மேலே, விலை அங்கே வந்தால் தானாக வெளியேற்றிவிடும் ஒரு ஸ்டாப்லாஸ் வைத்திருப்பார். விற்றவரின் ஸ்டாப்லாஸ் என்பது வாங்கும் ஆர்டர் என்பதைக் கவனியுங்கள். கூடவே, தாண்டினால் வாங்கலாம் என்று காத்திருப்பவர்களின் ஆர்டரும் அதே இடத்தில் குவிந்திருக்கும். நீங்களும் அதில் ஒருவர். ஆகவே கூரைக்குக் கீழே விற்கும் ஆர்டர்கள், கூரைக்கு மேலே உடனடியாக வாங்கும் ஆர்டர்கள். விலை தட்டுத் தடுமாறிக் கூரையைக் கடந்தால் மேலே உள்ள வாங்கும் ஆர்டர்கள் எல்லாம் ஒரே மூச்சில் எரிந்து விலையை மேலே தள்ளும். எரிந்து முடிந்ததும், அந்த விலையில் புதிதாக வாங்க ஆள் வந்தால் ஏற்றம் நிலைக்கும். வராவிட்டால் விலைக்குக் கீழே பிடிமானமே இருக்காது.

டிசம்பர் 4-இன் 65 டாலர் விக்கை இப்போது மறுபடி பாருங்கள். 2,080-ஐத் தாண்டியதும் 2,135 வரை போனது, அன்றே 2,029-க்கு வந்து, பட்டைக்கு 40 டாலர் கீழே முடிந்தது. தாண்டிய நிமிடத்தில் 2,082-க்கு வாங்கியவருக்குக் கொஞ்ச நேரம் 50 டாலர் லாபம் காட்டியிருக்கும்; நாள் முடிவில் 53 டாலர் நஷ்டம். உங்களுக்குத் திரும்பத் திரும்ப நடப்பது இதன் குட்டி வடிவம்தான். தாண்டியதைப் பார்த்து வாங்குகிறீர்கள். தாண்டி நின்றதா என்று பார்க்கவில்லை.

நின்றதா என்று பார்க்க எளிய வழி நாள் கேண்டிலின் முடிவு. உடல் பட்டைக்கு வெளியே முடிந்திருக்க வேண்டும். டிசம்பர் 28-இல் என்ன நடந்தது பாருங்கள். விலை 2,088 வரை எட்டிப்பார்த்தது. முடிந்தது 2,065 அருகே. எட்டிப்பார்த்தது விக்கோடு சரி, கூரை அப்படியே இருக்கிறது. அதற்குப் பிறகு வந்தது 2024 மார்ச் 1. தொடக்கம் சுமார் 2,044, முடிவு சுமார் 2,083. பச்சை உடல் மட்டுமே 39 டாலர், மேல் விக் ஐந்து டாலர்தான். அதாவது, அன்றைய உச்சத்தில் வாங்கியவர்கள் நியூயார்க் மணி அடிக்கும்வரை கைவிடவில்லை. அதுவும் வெள்ளிக்கிழமை. இரண்டு நாள் சந்தை மூடிக்கிடக்கும் என்று தெரிந்தும் கையில் வைத்துக்கொண்டே வீட்டுக்குப் போனார்கள். அன்றைய மொத்த வீச்சு அந்தச் சமயத்து ATR-ஐப் போல இரண்டு மடங்குக்கு மேல். திங்கட்கிழமை 2,114 அருகே முடிந்தது. மார்ச் 8-இல் 2,195 வரை போனது.

டிசம்பர் 4-ஐயும் மார்ச் 1-ஐயும் இரண்டு சார்ட்டுகளாக அருகருகே வைத்து ஒரு முறை பாருங்கள். முன்னதில் கூரைக்கு மேலே இருந்தது முழுக்க விக். பின்னதில் உடலின் தலை. முன்னது 2,135 வரை போனது, பின்னது 2,088-ஐத் தாண்டவில்லை. உயரத்தைப் பார்த்தால் முன்னதுதான் பெரிய பிரேக்அவுட். நிலைத்ததோ பின்னது.

ஆனால் 2,083 என்பது 2,080-க்கு மூன்றே டாலர் மேலே. சற்றுக் கறாரானவர்கள் அதை ஏற்காமல், பட்டையைத் தாண்டி ATR-இல் கால் பங்காவது தள்ளி முடிய வேண்டும் என்பார்கள். அல்லது இரண்டாவது நாள் முடிவையும் பார்த்துவிட்டு நம்புவார்கள். எனக்கு இரண்டாவது வழி பிடிக்கும். அதற்கு விலை உண்டு: 2,083-க்குப் பதில் 2,114 கொடுத்து உள்ளே போக வேண்டும். உறுதிக்காகக் காத்திருந்தால் 30 டாலர் கூடுதல், காத்திராவிட்டால் டிசம்பர் 4 மாதிரி பள்ளத்தில் விழும் வாய்ப்பு. இரண்டையும் சேர்த்து இலவசமாகத் தரும் முறை எதுவும் இல்லை.

முடிவு விலை விதியும் ஏமாற்றும். அதே 2024 தொடக்கத்தில் கீழ்ப்பக்கம் 2,000 டாலரைச் சுற்றி ஒரு சப்போர்ட் இருந்தது. ஜனவரி 17-இல் 2,001 அருகே வந்து திரும்பியிருந்தது. பிப்ரவரி 13 அன்று அமெரிக்கப் பணவீக்கப் புள்ளிவிவரம் வந்ததும் விலை அதை உடைத்து 1,993 அருகே முடிந்தது. மறுநாளும் 2,000-க்குக் கீழேதான் முடிந்தது. இரண்டு நாள் முடிவு, சப்போர்ட் போயிற்று என்று விற்றவர்கள் அடுத்த நாளே மாட்டிக்கொண்டார்கள். விலை 2,004-க்குத் திரும்பி, இரண்டே வாரத்தில் மார்ச் 1-க்கு ஏறிவிட்டது. கூர்ந்து பார்த்தால் ஒரு துப்பு இருந்தது: உடைத்த பிறகு விலை மேற்கொண்டு விழவில்லை. 1,984-தான் அடி. உண்மையாக உடைந்த தரைக்குக் கீழே விலை சோம்பேறித்தனமாக உட்கார்ந்திருக்காது. உடைந்து இரண்டு நாளாகியும் ஒரு ATR தூரம் நகரவில்லை என்றால் சந்தேகப்படுங்கள்.

நாலு தடவை தொட்டால் பலம் என்பதை நான் ஏற்கமாட்டேன். தொட்ட எண்ணிக்கை, அங்கே ஒரு பட்டை இருக்கிறது என்பதை உறுதிப்படுத்தும், அவ்வளவுதான். ஒவ்வொரு மோதலிலும் அங்கே காத்திருந்த ஆர்டர்களில் ஒரு பங்கு தீர்ந்துபோகிறது. 1,680 டாலர் சப்போர்ட்டைப் பாருங்கள். 2021 மார்ச்சில் இரண்டு முறை தாங்கியது, ஆகஸ்டில் அதன் அருகே வந்து துள்ளியது, 2022 ஜூலையில் மறுபடி தாங்கியது. இத்தனை முறை தாங்கிய தரை 2022 செப்டம்பரில் உடைந்து, விலை 1,615 வரை இறங்கியது. ‘நாலு முறை தாங்கியதே’ என்று ஐந்தாம் முறை நம்பியவர்தான் அதிகம் இழந்திருப்பார்.

எண்ணுவதைவிட, இரண்டு மோதல்களுக்கு நடுவில் விலை எவ்வளவு தூரம் விரட்டப்பட்டது என்று அளந்து பாருங்கள். கூரையில் மோதி 2020-இல் திரும்பிய விலை சுமார் 395 டாலர் விழுந்தது. 2022-இல் திரும்பியபோது 455 டாலர். 2023 மே மாதம் திரும்பியபோது அக்டோபர் தொடக்கத்தில் 1,810 வரை, அதாவது சுமார் 270 டாலர். டிசம்பரில் திரும்பியபோதோ, பட்டையிலிருந்து அளந்தால் வெறும் 100 டாலர்தான். 1,973-இலேயே தரை தட்டிவிட்டது. முதல் இரண்டு முறையும் விற்பவர்கள் பலமாக இருந்தார்கள். மூன்றாவதில் பலம் குறைந்தது, அடுத்ததில் வாங்குபவர்கள் கூரைக்கு மிக அருகிலேயே நின்றுகொண்டு இறங்க மறுத்தார்கள். கூரை உடையப் போகிறது என்பதற்கு இதைவிட நல்ல அறிகுறி சார்ட்டில் கிடைப்பது அரிது. சப்போர்ட்டுக்கும் இதே கணக்கைத் தலைகீழாகப் போடலாம்: ஒவ்வொரு முறையும் துள்ளலின் உயரம் குறைந்துகொண்டே வந்தால், அந்தத் தரையை நம்பாதீர்கள்.

உடைந்த கூரை தரையாக மாறும், விலை திரும்பி வந்து அதைத் தொட்டுவிட்டுத்தான் மேலே போகும் என்று நீங்கள் எங்காவது படித்திருப்பீர்கள். பல சமயம் நடக்கும். 2024 மார்ச்சில் நடக்கவில்லை. 2,195-ஐத் தொட்ட விலை 2,145 பக்கம் வரைதான் இறங்கியது. 2,080-க்கு வரவே இல்லை. அந்த விலைக்கு ஆர்டர் போட்டுக் காத்திருந்தவர் சார்ட்டை வேடிக்கை பார்த்திருப்பார்.

15 நிமிட சார்ட்டுக்கு எப்போது திரும்பலாம்? நாள் சார்ட்டில் வரைந்த பட்டைக்குள் விலை நுழைந்த பிறகு, அங்கே என்ன நடக்கிறது என்று கிட்டப்போய்ப் பார்க்க மட்டும். அப்போதும் கடிகாரத்தைக் கவனியுங்கள். அமெரிக்காவின் வேலைவாய்ப்பு, பணவீக்க எண்கள் நியூயார்க் நேரம் காலை 8:30-க்கு வரும். மத்திய வங்கியின் வட்டி முடிவு பிற்பகல் 2 மணிக்கு. அந்தச் சில நிமிடங்களில் ஒரே 15 நிமிடக் கேண்டில் ஒரு நாள் ATR-ஐ விழுங்கிவிடும். வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடைவெளி விரிந்துவிடும். நீங்கள் குறித்த விலையில் ஸ்டாப்லாஸ் நிறைவேறாமல், அதைவிட மோசமான விலையில் நிறைவேறும். அந்த நேரத்துக் கேண்டிலின் விக்கை வைத்துப் புதிய பட்டை போட வேண்டாம்.

ஸ்டாப்லாஸ் என்றதும் ஒன்று. அதைப் பட்டையின் ஓரத்திலேயே வைப்பதுதான் பலர் செய்வது. எல்லாருடையதும் அங்கேதான் இருக்கும், விக் வந்து வாரிக்கொண்டு போகும். பட்டையின் மறு ஓரத்தைத் தாண்டி அரை ATR தள்ளி வையுங்கள். மார்ச் 1 முடிவில் 2,083-க்கு உள்ளே போனவருக்கு அது 2,060 பக்கம் வரும். அதாவது அவுன்ஸுக்கு 23 டாலர் ஆபத்து. இந்த 23 டாலரை எத்தனை அவுன்ஸ் தாங்கும் உங்கள் பணம் என்று கணக்குப் போட்ட பிறகுதான் அளவைத் தீர்மானிக்க வேண்டும். XAUUSD-இல் ஒரு முழு லாட் என்பது பெரும்பாலான தளங்களில் 100 அவுன்ஸ்; 23 டாலர் அங்கே 2,300 டாலராகிவிடும். 0.01 லாட் போட்டால் ஒரு அவுன்ஸ், 23 டாலர். தள்ளி வைத்தால் நஷ்டம் அதிகமாகுமே என்று ஸ்டாப்லாஸை நெருக்கி வைப்பதைவிட, தூரத்தை அப்படியே விட்டு அளவைக் குறைப்பதே சரி.

இந்த முறை உதவாத இடம் ஒன்று உண்டு. தங்கம் இதுவரை தொடாத புதிய உச்சத்துக்குப் போய்விட்டால் தலைக்கு மேலே பழைய விலையே கிடையாது. மாட்டிக்கொண்டு காத்திருக்கும் விற்பவரும் கிடையாது. அங்கே ரெசிஸ்டன்ஸ் என்று எதையாவது வரைந்தால் அது ஊகம்தான். 2,500, 3,000 போன்ற முழு எண்களில் விலை கொஞ்சம் தயங்கும் வழக்கம் உண்டு. அவ்வளவோடு விட்டுவிட்டு, கீழே உள்ள சப்போர்ட் பட்டைகளை மட்டும் பாருங்கள். இன்னொன்று, நீங்கள் பார்ப்பது டாலர் சார்ட்டா, உங்கள் நாட்டுப் பணத்தில் உள்ள சார்ட்டா என்பதை முதலில் சரிபாருங்கள். இரண்டாவது என்றால் அதில் தங்கத்தின் அசைவோடு பணமதிப்பின் அசைவும் கலந்திருக்கும். டாலர் சார்ட்டில் கூரையில் மோதி நிற்கும் நாளில்கூட, பணமதிப்பு சரிந்தால் உங்கள் சார்ட்டில் பச்சையாய் ஒரு பிரேக்அவுட் தெரியும். பட்டையை டாலர் சார்ட்டில் வரைந்துவிட்டு, மற்றதைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பழகுவதற்குப் பணம் போட வேண்டியதில்லை. பல தளங்களில் சார்ட்டைப் பின்னோக்கி நகர்த்தி ஒவ்வொரு கேண்டிலாக ஓடவிடும் வசதி இருக்கிறது. 2022 ஆகஸ்டுக்குப் போய் நிறுத்துங்கள். அதற்குப் பிந்தையதைப் பார்க்காமல் 1,680-க்கு ஒரு பட்டை, அன்றைய ATR-இல் பாதி அகலத்தில் வரையுங்கள். பிறகு ஒவ்வொரு நாளாக நகர்த்தி, எந்த நாள் முடிவில் ‘உடைந்தது’ என்று சொல்வீர்களோ அந்தத் தேதியை ஒரு தாளில் எழுதுங்கள். நவம்பர் தொடக்கம் வரை போங்கள். செப்டம்பர் கடைசியிலும், அக்டோபர் 21-இலும், நவம்பர் 3-இலும் விலை 1,615 பக்கம் வந்து ஒன்றிரண்டு டாலர் வித்தியாசத்தில் திரும்பியிருக்கும். அந்த மூன்று கேண்டில்களின் கீழ் விக்கையும் உடலையும் அளந்து, அங்கே அடுத்த பட்டையை நீங்களே போடுங்கள். அது முடிந்ததும் இன்றைய சார்ட்டுக்கு வந்து நாலே நாலு பட்டைகள் வரைந்து, ஒவ்வொன்றையும் ஏன் அங்கே போட்டீர்கள் என்று ஒரு வரி எழுதி அனுப்புங்கள், அதிலிருந்து தொடரலாம்.